அறையைவிடப் பெரிய சன்னல்

"மாமா, இந்த ரூமுக்குள்ள வந்தா மட்டும் ஸ்க்ரீன் உதறுது. வெளியே போயிட்டா சரியாயிடுது."

அக்கா மகன் நீட்டிய கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். நான் ஆறு மாதமாக மாலை நேரங்களில் உட்கார்ந்து செய்த சின்ன விளையாட்டு அது. செங்கல் கோட்டைக்குள் ஒரு சிறுவன் ஓடுவான், தாவுவான், சாவி தேடுவான். மற்ற இடங்களிலெல்லாம் ஒழுங்காக ஓடியது. ஒரேயொரு அறையில் சிறுவன் நடுப்பகுதியைத் தாண்டி வலப்பக்கம் போனதும் படம் முழுவதும் இடமும் வலமுமாக உதறியது. உதறும்போது திரையின் இரண்டு ஓரங்களிலும் கறுப்புப் பட்டைகள் மாறிமாறி மின்னின. சிறுவன் இடப்பக்கம் திரும்பி வந்தால் உதறல் நின்றது. ஆனால் வலது ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டை மட்டும் அசையாமல் நின்றது.

என் கணினியிலும் என் கைப்பேசியிலும் அதே அறையில் எந்தக் குறையும் இல்லை. அவன் கைப்பேசி என்னுடையதைவிடக் கொஞ்சம் நீளம். அந்த நீளம்தான் காரணம் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

விளையாட்டுக்குள் இருக்கும் 'கேமரா' என்பது உண்மையில் ஒரு பொருளே அல்ல. திருவிழாக்களில் பயாஸ்கோப் பெட்டி வைத்திருப்பார்கள். உள்ளே நீளமாகச் சுருட்டிய படச்சுருள், வெளியே கண்வைத்துப் பார்க்க ஒரு துளை. சுருள் எவ்வளவு நீளமாக இருந்தாலும் துளைக்கு நேரே வரும் பகுதி மட்டுமே நமக்குத் தெரியும். பக்கவாட்டில் ஓடும் விளையாட்டும் இப்படித்தான். லெவல் முழுவதும் ஒரு நீளப்படம், கைப்பேசித் திரை ஒரு துளை. படத்தின் எந்த இடத்தைத் துளைக்கு நடுவில் வைப்பது என்று சொல்லும் ஓர் எண்தான் கேமரா. மேலும் கீழும் நகரும் விளையாட்டென்றால் இரண்டு எண்கள்.

அந்த எண்ணை எப்படித் தீர்மானிப்பது? ஆட்டக்காரன் நிற்கும் இடத்தையே கொடுத்துவிடுவது எளிய வழி. சிறுவன் எப்போதும் திரைக்கு நடுவில் இருப்பான், உலகம் அவனைச் சுற்றி நகரும். லெவலின் நடுப்பகுதியில் இது அழகாக வேலை செய்யும். சிக்கல் ஓரத்தில் வரும்.

கணக்கோடு பார்ப்போம். என் லெவல்கள் 32 பிக்சல் அகலமுள்ள சதுர டைல்களால் ஆனவை. ஒரு நீளமான லெவலில் 100 டைல், அதாவது 3200 பிக்சல். என் திரையில் ஒரே நேரத்தில் தெரிவது 1280 பிக்சல் அகலம். ஆட்டம் தொடங்கும்போது சிறுவன் இடது சுவரை ஒட்டி, 50ஆவது பிக்சலில் நிற்கிறான். கேமராவும் 50இல் நின்றால் அதற்கு இருபுறமும் 640 பிக்சல் தெரிய வேண்டும். இடப்பக்கம் இருப்பதோ 50தான். மீதி 590 பிக்சலுக்குக் காட்ட எதுவும் இல்லை. கிட்டத்தட்டப் பாதித் திரை வெறுமையாகிவிடும். நான் எதையுமே வரையாத இடம் அது. கறுப்பாகவோ, எஞ்சின் தானாகப் பூசிக்கொள்ளும் ஏதோ ஒரு நிறத்திலோ தெரியும். விளையாடுகிறவரின் மனத்தில் கோட்டை உடைந்து, அட்டையில் ஒட்டிய படமாகிவிடும்.

இதற்கான மருந்து பழையது. லெவலின் ஓரம் திரையின் ஓரத்தைத் தொட்டதும் கேமராவை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சிறுவன் மட்டும் நடுவிலிருந்து விலகிச் சுவரை நோக்கிப் போகட்டும். 2015ஆம் ஆண்டு விளையாட்டு உருவாக்குநர்களின் ஜிடிசி மாநாட்டில் இட்டாய் கெரன் என்ற வடிவமைப்பாளர் பக்கவாட்டு விளையாட்டுகளின் கேமராக்களை வகைபிரித்து ஓர் உரை நிகழ்த்தினார். இந்த உத்தியை அவர் 'எட்ஜ் ஸ்னாப்பிங்' என்று குறிப்பிட்டார். நிரல் எழுதுகிறவர்கள் சுருக்கமாக 'கிளாம்ப்' என்பார்கள். தச்சர் பலகையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பைப் போல, ஓர் எண்ணை இரண்டு தாடைகளுக்கு நடுவில் பிடித்துவைப்பது.

என் நீளமான லெவலில் இடது தாடை 640. கேமரா அதற்குக் குறைந்தால் இடப்பக்கம் வெறுமை தெரியும். வலது தாடை 3200இலிருந்து 640 போக 2560. இந்த இரண்டுக்கும் இடையில் கேமரா சிறுவனோடு நகரும், எல்லையில் நின்றுவிடும். மேலும் கீழும் இதே கணக்குத்தான், அகலத்துக்குப் பதில் உயரம். இரண்டே கழித்தல். பாடப்புத்தகங்களும் காணொளிப் பாடங்களும் இதோடு முடித்துக்கொள்கின்றன. நானும் இதோடு முடித்துக்கொண்டேன்.

அந்தக் கணக்கில் பேசப்படாத ஓர் அனுமானம் இருக்கிறது: லெவல் எப்போதும் திரையைவிடப் பெரியது. ஒரு காலத்தில் அது பாதுகாப்பான அனுமானம். நின்டெண்டோவின் என்இஎஸ் பெட்டி எந்தத் தொலைக்காட்சியில் மாட்டினாலும் 256க்கு 240 பிக்சல் படத்தைத்தான் உருவாக்கும். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸைச் செய்தவர்களுக்கு, விளையாடுபவரின் திரையில் எத்தனை பிக்சல் இருக்கும் என்று முன்கூட்டியே தெரியும். 1986இல் வந்த த லெஜெண்ட் ஆஃப் செல்டாவில் ஓர் அறை 16 டைல் அகலம், 11 டைல் உயரம். டைல் ஒன்று 16 பிக்சல் என்பதால் அகலம் சரியாக 256. மேலே மிஞ்சிய நாலு வரிசையில் உயிரும் ஆயுதமும் காட்டும் பட்டை. அறையைத் திரைக்கு அளவெடுத்துத் தைத்தார்கள். ஓரத்தைத் தாண்டினால் அடுத்த அறை வழுக்கிக்கொண்டு வரும். அங்கே வெறுமைக்கு இடமே இல்லை.

இன்று ஒரே விளையாட்டு எத்தனை வடிவத் திரைகளில் ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். நான் பயன்படுத்தும் யூனிட்டி எஞ்சினில் இருபரிமாண கேமராவுக்கு உயரத்தைத்தான் தருகிறோம். அகலத்தைத் திரையின் வடிவம் தீர்மானிக்கும். உயரம் 720 பிக்சல் என்று வைத்தால் 16:9 திரையில் அகலம் 1280. அக்கா மகனின் 20:9 கைப்பேசியில் அதுவே 1600. எனக்குத் தெரியாத 320 பிக்சல் அவனுக்குத் தெரிகிறது.

இனி அந்த அறை. அதன் அகலம் 45 டைல், அதாவது 1440 பிக்சல். என் திரையில் இடது தாடை 640, வலது தாடை 1440இலிருந்து 640 போக 800. இடைவெளி சிறியது, ஆனாலும் ஒழுங்கானது. அவன் திரையில் பாதி அகலம் 800. ஆகவே இடது தாடை 800, வலது தாடை 1440இலிருந்து 800 போக 640. இடது தாடை வலது தாடைக்கு வலப்பக்கம் போய்விட்டது! '800க்குக் குறையாதே, 640ஐத் தாண்டாதே' என்று ஒரே மூச்சில் இரண்டு கட்டளை. ஐந்தடி அறைக்குள் ஆறடிக் கட்டிலைப் போடச் சொல்வதைப் போன்றது இது. இரண்டையும் நிறைவேற்றும் எண் எதுவும் கிடையாது.

கணினி இப்படிப்பட்ட கட்டளையை நின்று யோசிக்காது. எழுதிய வரிசையில் செய்துகொண்டே போகும். யூனிட்டியின் `Mathf.Clamp` முதலில் 'எண் இடது தாடையைவிடக் குறைவா?' என்று பார்க்கும். குறைவென்றால் இடது தாடையைத் திருப்பித் தரும். இல்லையென்றால் மட்டுமே 'வலது தாடையைவிட அதிகமா?' என்று பார்க்கும். சிறுவன் 700இல் நிற்கும்போது 700 என்பது 800க்குக் குறைவு. விடை 800. கேமரா 800இல் நின்றால் திரையில் தெரிவது 0 முதல் 1600 வரை. அறை 1440இலேயே முடிந்துவிடுவதால் வலது ஓரத்தில் 160 பிக்சல் கறுப்பு. நான் பார்த்த அசையாத பட்டை இதுதான்.

சிறுவன் 800ஐத் தாண்டியதும் விடை சடாரென்று மாறும். 801 என்பது 800க்குக் குறைவில்லை, 640ஐவிட அதிகம். விடை 640. ஒரே அடி எடுத்துவைத்ததற்கு கேமரா 160 பிக்சல் பின்னால் குதிக்கிறது. கறுப்புப் பட்டை வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்குப் பாய்கிறது.

இதனால் ஒரு குதி வரும், சரி. ஆனால் அவன் கைப்பேசியில் படம் தொடர்ந்து உதறியது. அதற்குக் காரணம் நான் ஆசையாகச் சேர்த்த இன்னொரு வசதி. கேமரா சிறுவனோடு விறைப்பாக ஒட்டிக்கொள்ளாமல் மெல்லத் தொடர வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு பிரேமிலும் மீதமுள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் நகரும்படி எழுதியிருந்தேன். நகர்ந்த பிறகு கிளாம்ப். இப்போது சிறுவன் 900இல் நிற்கிறான், கேமரா 800இல் இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு நகர்ந்து 810க்கு வருகிறது. கிளாம்ப் அதை 640க்குத் தள்ளுகிறது. அடுத்த பிரேமில் 640இலிருந்து 900க்கு 260 தூரம். அதில் பத்தில் ஒரு பங்கு 26. ஆக 666. அது 800க்குக் குறைவு என்பதால் கிளாம்ப் 800க்குத் தள்ளுகிறது. அடுத்த பிரேமில் மறுபடி 810, மறுபடி 640. சிறுவன் அசையாமல் நின்றாலும் கேமரா நொடிக்கு 60 பிரேமும் இந்த ஊஞ்சலை ஆடிக்கொண்டே இருக்கும். இந்த எண்களை ஒரு தாளில் எழுதி, 810, 640, 666, 800 என்று விரல் வைத்துப் படித்தபோதுதான் எனக்கு நோய் புரிந்தது.

இதே தவறு வேறு மொழிகளில் வேறு முகம் காட்டும். டாட்நெட்டின் `Math.Clamp` குறைந்த எல்லை அதிக எல்லையைவிடப் பெரிதாக இருந்தால் வேலை செய்ய மறுத்துப் பிழையை எறிந்துவிடும். ரஸ்ட் மொழியிலும் அப்படித்தான், நிரல் அங்கேயே நின்றுவிடும். சி++ மொழியின் `std::clamp` விஷயத்தில், இப்படி எல்லைகளைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை என்று மொழியின் இலக்கணமே சொல்லிவிடுகிறது. பிழையை எறிகிற மொழியில் எழுதியிருந்தால் நான் அதைச் சீக்கிரம் பிடித்திருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் விளையாடுகிறவருக்கு அது உதறலைவிடக் கொடுமை, அறைக்குள் நுழைந்ததுமே ஆட்டம் மூடிக்கொள்ளும்.

கிளாம்ப் என்ற கட்டளையே இல்லாமல், 'இரண்டில் பெரியது', 'இரண்டில் சிறியது' என்ற கட்டளைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து எழுதுகிறவர்களும் உண்டு. அங்கே உதறல் வராது. கடைசியாகச் செய்த கட்டளை வெல்லும். முதலில் இடது எல்லையையும் பிறகு வலது எல்லையையும் பார்த்தால், அறை திரையின் வலது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், வெறுமை முழுவதும் இடப்பக்கம் சேரும். வரிசையை மாற்றினால் அறை இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு சின்ன அறை ஏன் எப்போதும் ஒரே பக்கமாக ஒதுங்கி நிற்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள், தங்கள் நிரலில் எந்த எல்லை கடைசியாக வருகிறது என்று பார்த்தால் போதும்.

தீர்வுக்கு வருவோம். அறை திரையைவிடச் சிறியதாக இருந்தால் 'எங்கே நிறுத்துவது' என்ற கேள்வியே தவறு. கேமரா நகர வேண்டிய தேவையே அங்கே இல்லை, அறை முழுவதும் கண்ணுக்குள் அடங்கிவிட்டது. ஆகவே கிளாம்ப் செய்வதற்கு முன்பே அளந்து பார்த்து, சிறியதென்றால் கேமராவை அறையின் நடுவில் வைத்துவிட வேண்டும். நான் எழுதியது இவ்வளவுதான்:

```
float Limit(float x, float lo, float hi, float half)
{
    if (hi - lo <= 2 * half)
        return (lo + hi) / 2;
    return Mathf.Clamp(x, lo + half, hi - half);
}
```

`lo`, `hi` என்பவை அறையின் இரண்டு ஓரங்கள். `half` என்பது திரையில் தெரியும் அகலத்தில் பாதி. அந்த 1440 பிக்சல் அறைக்கு விடை 720. சிறுவன் எங்கே நின்றாலும் 720தான். வெறுமை இருபுறமும் 80, 80 என்று சமமாகப் பிரிந்துவிடுகிறது. படம் உதறுவதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, அகலத்துக்கும் உயரத்துக்கும் இந்தக் கேள்வியைத் தனித்தனியே கேட்க வேண்டும். கோட்டைக்குள் ஒரு கிணறு இருக்கிறது என்று வையுங்கள். அகலம் 20 டைல், ஆழம் 80 டைல். அகலவாக்கில் கேமரா நடுவில் அசையாமல் நிற்க வேண்டும், ஆழவாக்கில் சிறுவனோடு இறங்க வேண்டும். 'அறை சிறியதா?' என்று ஒரே கேள்வியாகக் கேட்டு இரண்டு திசையையும் பூட்டிவிட்டால் அவன் கிணற்றுக்குள் விழுந்து கண்ணிலிருந்து மறைந்துவிடுவான். `half` என்பதையும் ஆட்டம் தொடங்கும்போது ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொள்ளக் கூடாது. கணினியில் சாளரத்தை இழுத்துப் பெரிதாக்கினாலும், மடிக்கும் கைப்பேசியை விரித்தாலும் அது மாறிவிடும்.

நடுவில் வைத்ததால் உதறல் போயிற்று. வெறுமை போகவில்லை, இருபுறமும் பங்கிடப்பட்டது அவ்வளவே. அதை என்ன செய்வது என்பது நிரலைவிட வரைகிறவரின் கேள்வி. கேமராவைக் கொஞ்சம் நெருக்கிக்கொண்டுபோய் அறையைத் திரை நிறையப் பெரிதாக்கலாம். 1440ஐ 1600 ஆக்க ஒன்பதில் ஒரு பங்கு பெரிதாக்கினால் போதும். ஆனால் உயரத்தில் 720க்குப் பதில் 648 பிக்சல்தான் தெரியும். தவிர, என் படங்கள் கட்டம் கட்டமாக வரைந்த பிக்சல் ஓவியங்கள். முழு எண்ணாக இல்லாமல் இப்படி ஒன்றேகால் ஒன்றரை என்று பெருக்கினால் சில கட்டங்கள் தடித்தும் சில மெலிந்தும் போகும். செங்கல் சுவரில் அது உடனே கண்ணை உறுத்தும். அதனால் எனக்கு அது பிடிக்கவில்லை.

என் மனம் போனது இன்னொரு பழைய விளையாட்டின் பக்கம். 1996இல் ஜப்பானில் வெளியான முதல் போக்கிமான் விளையாட்டுகள் கேம்பாயின் 160க்கு 144 பிக்சல் திரையில் ஓடின. ஒரே நேரத்தில் பத்துக் கட்ட அகலம் தெரியும். கதாநாயகனின் வீடோ எட்டுக் கட்டம்தான். அவர்கள் கேமராவைப் பூட்டவே இல்லை, வீட்டுக்குள்ளும் அது ஆட்டக்காரனோடு நகர்ந்துகொண்டே இருந்தது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வரைபடத்துக்கும், அதற்கு வெளியே எதை நிரப்ப வேண்டும் என்று ஒரு துண்டுப் படத்தை ஒதுக்கிவைத்தார்கள். வீட்டுக்கு வெளியே இருட்டு. சுவருக்கு அப்பால் இருட்டு இருப்பது யாருக்கும் குறையாகப் படவில்லை. அங்கே தெரிவது யாரோ வேண்டுமென்றே வைத்த இருட்டு என்பதுதான் வேறுபாடு.

என் கோட்டையில் அறைக்கு வெளியே இருக்க வேண்டியது சுவர்தான். எத்தனை டைல் வரைவது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நான் ஆதரிக்க நினைக்கும் மிக நீளமான திரை 21:9. அதில் அகலம் 1680, அறை போக மீதி 240, பக்கத்துக்கு 120. இதோடு பாறை விழும்போது திரையை அதிரவைக்கும் காட்சி ஒன்று உண்டு. அது கிளாம்ப் முடிந்த பிறகு கேமராவை எட்டு பிக்சல் வரை தள்ளும். பூட்டிய எல்லையை அதிர்வு மதிக்காது, அதையும் கூட்ட வேண்டும். 128 பிக்சல், சரியாக நாலு டைல். அறையின் இருபுறமும் நாலு நாலு செங்கல் வரிசை கூடுதலாக அடுக்கினேன். ஆனால் `lo`, `hi` இரண்டையும் பழைய இடத்திலேயே, 0இலும் 1440இலும் விட்டுவைத்தேன். அவற்றைப் புதுச் சுவரின் கோடிக்கு நகர்த்தினால் சின்னத் திரைக்காரர்களின் கேமராவும் வெற்றுச் சுவரைக் காட்டப் போய்விடும்.

சரிசெய்த பிறகு, எடிட்டரில் திரை வடிவத்தை 4:3, 16:9, 20:9, 21:9 என்று ஒவ்வொன்றாக மாற்றி, எல்லா அறைகளிலும் சிறுவனை நாலு மூலைக்கும் நடத்திப் பார்த்தேன். வெறுமை எங்கேயாவது எட்டிப்பார்த்தால் தப்பாமல் கண்ணில் பட வேண்டும் என்று கேமராவின் பின்னணி நிறத்தைக் கறுப்பிலிருந்து பளீரென்ற ஊதாப்பூ நிறத்துக்கு மாற்றி வைத்திருந்தேன். கோட்டையின் இருட்டு மூலைகளில் கறுப்பு கறுப்போடு கலந்து தப்பித்துவிடும். ஊதாப்பூ நிறம் தப்பவில்லை. இன்னும் இரண்டு அறைகளில் அது தெரிந்தது. அந்த அறைகளுக்கும் சுவர் அடுக்கி முடித்துவிட்டு, புதிய பதிப்பை அக்கா மகனுக்கு அனுப்பினேன்.